துவைத்ததும் சாயம் போச்சு, துணி சுருங்கிப் போச்சு! எம்பிராய்டரி நூலில் என்னதான் நடக்கிறது?

வெண்மஞ்சள் நிறப் பருத்தி ரவிக்கை. கையில் சிவப்புச் செம்பருத்தி, பச்சை இலைகள், விளிம்பைச் சுற்றி நீல நிறக் கோட்டு வேலை. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக அம்மா இரண்டு மாதம் உட்கார்ந்து போட்டது. பூவும் இலையும் கைத்தையல். விளிம்பை மட்டும் தையல்கடையில் கொடுத்து இயந்திரத்தில் போட்டு வாங்கினார்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் அதைச் சலவை இயந்திரத்தில் போட்டது நான்தான். போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இரவு வந்து கதவைத் திறந்தால், பூவைச் சுற்றி இளஞ்சிவப்புக் கறை. இலைகளுக்கு அடியில் துணி சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது. விளிம்பு அப்பளம் பொரிந்ததுபோல் அலை அலையாக நின்றது.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "உப்புப் போட்டு ஊற வச்சியா?"

இல்லை. ஆனால் போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்காது. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

ஒரே ரவிக்கை, ஒரே சலவை. ஆனால் மூன்று இடங்களில் மூன்று விதமான சேதம். காரணம், அம்மா பயன்படுத்திய நூல்கள் மூன்று வகை. பூ பருத்தி நூல். இலை ரேயான். விளிம்பு பாலியெஸ்டர். உங்கள் அலமாரியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிவப்புப் பூ: சாயம் ஏன் இறங்கியது?

கையால் பூ வேலை செய்ய அதிகம் வாங்கப்படுவது ஆறு இழைகளைச் சேர்த்து முறுக்கிய பருத்தி நூல். ஒரு கட்டு வழக்கமாக 8 மீட்டர் இருக்கும். தேவைக்கேற்ப இரண்டு, மூன்று இழைகளைப் பிரித்து எடுத்துத் தைப்பார்கள்.

பருத்திக்குச் சாயமேற்றப் பல வழிகள் உண்டு. இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, டைரக்ட் சாயம். இது பருத்தி நாரின்மேல் பலவீனமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். விலை குறைவு, வேலையும் சுலபம். ஆனால் தண்ணீரில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும்.

இன்னொன்று, ரியாக்டிவ் சாயம். இது நாருடன் வேதிப் பிணைப்பை உண்டாக்கிக்கொள்ளும். பிணைந்த பிறகு சாதாரணத் துவைப்பில் கழலாது.

அப்படியானால் ரியாக்டிவ் சாயம் போட்ட நூல் பத்திரம்தானே? முழுக்க இல்லை. சாயத் தொட்டியில் பருத்தி மட்டுமா இருக்கிறது? தண்ணீரும் இருக்கிறது. சாயத்தின் ஒரு பகுதி பருத்தியுடன் சேராமல் தண்ணீருடன் சேர்ந்துவிடும். அதற்கு இனி பருத்தியுடன் வேதிப் பிணைப்பு உண்டாக்கும் சக்தி கிடையாது. ஆனாலும் நூலுக்குள் சும்மா தங்கியிருக்கும். அதனால்தான் சாயமேற்றிய பிறகு சோப்பு கலந்த சுடுநீரில் திரும்பத் திரும்ப அலசி, இந்த ஒட்டாத சாயத்தை வெளியேற்ற வேண்டும். அதற்குத் தண்ணீரும் எரிபொருளும் நேரமும் செலவாகும். அந்த அலசலில் கை வைத்தால், மிச்சச் சாயம் உங்கள் வீட்டு வாளியில்தான் வெளியே வரும்.

சிவப்பு, கறுப்பு, கருநீலம் போன்றவற்றின்மீது ஏன் எல்லாருக்கும் சந்தேகம்? அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் நிறையச் சாயம் போடவேண்டும். நிறையப் போட்டால் மிச்சமும் நிறைய. வெளிர்மஞ்சள் நூலிலும் மிச்சம் இருக்கலாம். ஆனால் அது ஒட்டினாலும் யார் கண்ணிலும் படாது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: சாயம் கழன்று வருவது பாதிக் கதைதான். கழன்ற சாயம் எங்கே போய் உட்காருகிறது என்பது மீதிக் கதை. பருத்திக்காகத் தயாரித்த சாயம் பருத்தியைத்தான் தேடிப் போகும். பக்கத்தில் இருந்த வெண்மஞ்சள் துணியும் பருத்தி. அதனால் உடனே பிடித்துக்கொண்டது. அதே பூவைப் பாலியெஸ்டர் துணியில் போட்டிருந்தால், தண்ணீர் சிவந்திருக்கும். துணி அநேகமாகத் தப்பியிருக்கும்.

நான் செய்த தப்பு

சாயம் கழன்றது நூலின் குறை. ஆனால் அது கறையாக மாறியதில் என் பங்கும் இருக்கிறது.

துவைத்து முடித்த ரவிக்கை எட்டு மணி நேரம் ஈரத்தோடு, மடிந்து, இயந்திரத்துக்குள் கிடந்தது. இயந்திரம் சுழலும்போது தண்ணீர் நிறைய இருக்கும். கழன்ற சாயம் அதில் கரைந்து வெளியேறிவிடும். ஆனால் ஈரமாகக் கிடக்கும் துணியில் தண்ணீர் கொஞ்சம்தான். அது நூலிலிருந்து துணிக்கு மெல்ல ஊர்ந்து போகும், சாயத்தையும் கூட்டிக்கொண்டு. திரியின் நுனியில் தண்ணீர் பட்டால் மேலே ஏறுமே, அதுபோல. துணி மடிந்திருந்த இடத்தில் பூவின் அச்சு முதுகுப் பக்கத்திலும் விழுந்திருந்தது. இயந்திரம் ஓடும்போது நடந்திருந்தால் சாயம் ரவிக்கை முழுதும் லேசாகப் பரவியிருக்கும். பூவைச் சுற்றி மட்டும் வளையமாகக் கறை இருந்தால், அது கிடந்து ஊறியதால் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

பேரங்காடியில் கிடைக்கும் சாயம் பிடிக்கும் தாள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவை வேலை செய்யும். தண்ணீரில் மிதக்கும் சாயத்தை இழுத்துக்கொள்ளும்படி அவற்றைப் பதப்படுத்தியிருப்பார்கள். ஆனால் பூவிலிருந்து பக்கத்துத் துணிக்கு நேராக ஊர்ந்து போகும் சாயத்தை அந்தத் தாளால் எப்படிப் பிடிக்க முடியும்? அது அங்கே இல்லையே!

பச்சை இலை: "சில்க் த்ரெட்" என்று வாங்கியது

இலைகளுக்கு அம்மா வாங்கியது பளபளவென்று மின்னும் நூல். கடையில் அதற்குப் பெயர் "சில்க் த்ரெட்". விலையைப் பார்த்தாலே அது பட்டு இல்லை என்று தெரியும். இந்தப் பெயரில் ஆரி வேலைக்கும் வளையல் சுற்றவும் விற்கப்படும் நூல்களில் பல ரேயான்தான்.

ரேயான் மரக்கூழிலிருந்து செய்யப்படுகிறது. அதாவது பருத்தியைப்போல் அதுவும் செல்லுலோஸ். சாயமும் அதே வகைதான். எனவே சாயம் போகும் அபாயமும் கிட்டத்தட்ட அதே. ஆனால் தண்ணீரில் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் நேர் எதிர். நனைந்தால் பருத்தியின் வலு கூடும். நனைந்தால் ரேயானின் வலு கணிசமாகக் குறையும்.

அதோடு, ரேயான் நார் தண்ணீரைக் குடித்துப் பருத்தியைவிட அதிகமாகப் பருக்கும். முறுக்கிய கயிற்றை நனைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நார் பருக்கப் பருக்கக் கயிறு குட்டையாகி விறைக்கும். நூலிலும் அதேதான். தவிர, நூலைத் தயாரித்துக் கண்டில் சுற்றும்போது அதை இழுத்து வைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு விடுபட்டு, நூல் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். நூல் குட்டையானால் அதன் இரு முனைகளும் துணியைச் சேர்த்து இழுக்கும். அடியில் சுருக்கம் விழும்.

இலைகளை நிரப்ப அம்மா போட்டது நீளமான சாட்டின் தையல். அதில் நூல் துணிக்கு மேலே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரே தாவலாகப் போகும். நடுவில் பிடிமானம் இல்லை. ஒரு சென்டிமீட்டர் தாவல் சுருங்குவதற்கும் மூன்று மில்லிமீட்டர் தாவல் சுருங்குவதற்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அம்மாவின் சின்ன இலைகள் தப்பிவிட்டன. பெரிய இலைகள்தான் இழுத்துக்கொண்டன.

ரேயானைப் பிழிவதும் கூடாது. நனைந்து வலுவிழந்த நூல் முறுக்கும்போது நீண்டுவிடும், திரும்பி வராது. அப்போது சுருக்கத்துக்குப் பதில் தொளதொளவென்று வளையங்கள் நிற்கும். என் ரவிக்கையில் இரண்டு இலைகளில் அதுவும் நடந்திருந்தது.

உங்களிடம் இருப்பது பருத்தியா ரேயானா என்று சந்தேகமா? ஒரு துண்டு நூலை எடுத்து, நடுவில் மட்டும் நனைத்து, இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்தால் அநேகமாக ரேயான். பருத்தி அவ்வளவு சுலபத்தில் அங்கே விட்டுக்கொடுக்காது.

நீல விளிம்பு: பாலியெஸ்டர் நல்ல பிள்ளைதான், ஆனால்...

மூன்றில் சாயமே போகாதது இந்த நூல்தான். பாலியெஸ்டருக்குத் தண்ணீர் பிடிக்காது. அதன் நாருக்குள் சாயத்தை அனுப்பவே, அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சுமார் 130 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் நாரின் அமைப்பு நெகிழும், சாயம் உள்ளே போகும். ஆறியதும் நார் இறுகி, சாயம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வீட்டுச் சலவை 30, 40 டிகிரி. அந்தக் கதவு திறக்கவே திறக்காது. நாரின் மேற்பரப்பில் சாயம் தங்கியிருந்தால் மட்டும் முதல் துவைப்பில் கொஞ்சம் போகலாம்.

அப்படியானால் விளிம்பு ஏன் அலை அலையாக ஆனது? இந்த முறை நூல் எதுவும் செய்யவில்லை. சுருங்கியது துணி.

புதிய பருத்தித் துணி தறியில் இழுத்துக் கட்டி நெய்யப்பட்டது. முதல் துவைப்பில் அந்த இழுப்பு தளர்ந்து துணி சுருங்கும். நூறில் மூன்று, நான்கு பங்கு சுருங்குவது சாதாரணம். ரவிக்கையின் கை விளிம்பு 28 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நான்கு விழுக்காடு சுருங்கினால் துணி 27-க்குக் கீழே வந்துவிடும். ஆனால் அதன்மேல் நெருக்கமாக ஓடும் பாலியெஸ்டர் நூல் இன்னும் 28-லேயே நிற்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கே போகும்? மேலும் கீழுமாக அலை அடிக்கும்.

ஆகவே "சுருங்கிப் போச்சு" என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. தையல் விறைப்பாக இருந்து, சுற்றியுள்ள துணி அதை நோக்கி இழுபட்டால், சுருங்கியது நூல். தையல் போட்ட இடம் மேடாக எழும்பி நின்று, சுற்றியுள்ள துணி தட்டையாக இருந்தால், சுருங்கியது துணி. இதைப் பிரித்துப் பார்க்காமல் நூலை மாற்றிப் பயனில்லை.

துவைப்பதற்கு முன்பே சுருக்கம் இருந்ததா என்றும் பாருங்கள். இயந்திரம் பாலியெஸ்டர் நூலை இறுக்கமாக இழுத்துத் தைத்திருந்தால், வளையத்திலிருந்து கழற்றியதும் நூல் ரப்பர் மாதிரி பின்வாங்கும். அந்தச் சுருக்கத்துக்கும் உங்கள் சலவைத்தூளுக்கும் சம்பந்தமே இல்லை.

பாலியெஸ்டருக்கு எதிரி தண்ணீர் இல்லை, சூடு. பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரி போட்டால் நூல் சுருங்கலாம். சாயம் ஆவியாகிப் பக்கத்துத் துணியில் படியவும் கூடும். துணியைத் திருப்பிப் போட்டு, அடியில் தடித்த துண்டு விரித்து, குறைந்த சூட்டில் தேய்க்கலாம்.

சரி, உப்பு?

சாயப்பட்டறையில் உப்புக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. தண்ணீரில் பருத்தி நாருக்கு லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும். டைரக்ட், ரியாக்டிவ் சாயங்களுக்கும் எதிர்மின்னூட்டம்தான். ஒன்றையொன்று தள்ளிவிடும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்து, சாயத்தைப் பருத்தியின் பக்கம் அனுப்பும். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பல பத்து கிராம் உப்புப் போடுவார்கள். ஆனால் ரியாக்டிவ் சாயத்தை நாருடன் பிணைய வைப்பது உப்பு இல்லை, அதற்குப் பிறகு சேர்க்கும் சோடா.

இப்போது நம் வாளிக்கு வாருங்கள். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு பிடி உப்பு. அளவு போதாது. போதுமான அளவு போட்டாலும் என்ன ஆகும்? தண்ணீரில் மிதக்கும் சிவப்புச் சாயத்தைப் பருத்தியின் பக்கம் தள்ளும். எந்தப் பருத்தி? பூ மட்டுமா? பக்கத்தில் இருக்கும் வெண்மஞ்சள் துணியும்தான்!

வினிகரும் அப்படியே. கம்பளி, பட்டு, நைலான் ஆகியவற்றுக்குப் போடும் ஒருவகைச் சாயத்துக்கு அமிலம் தேவை. பருத்தி நூலின் சாயத்தை வினிகர் பிடித்து நிறுத்தாது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ உங்க பாட்டி எல்லாம் தெரியாமலா போட்டாங்க?" என்றார். பதில் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கறை பட்டபின் என்ன செய்வது?

காயவிடாதீர்கள். இஸ்திரி போடாதீர்கள். காயக் காயச் சாயம் துணியில் இன்னும் நன்றாக உட்கார்ந்துகொள்ளும்.

பெரிய வாளி நிறையத் தண்ணீர் எடுங்கள். தண்ணீர் நிறைய இருப்பதுதான் முக்கியம். கழன்ற சாயம் துணிக்குத் திரும்பாமல் தண்ணீரிலேயே நிற்க இடம் வேண்டும். கொஞ்சம் திரவச் சலவைச் சோப்பு சேர்த்து, துணியை மடிக்காமல் மூழ்கவிட்டு, அவ்வப்போது அசைத்துவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் மாற்றுங்கள். நிறம் வராத வரை இதைத் தொடருங்கள். பிறகு பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, உடனே பிரித்து, மின்விசிறிக்குக் கீழே தட்டையாகக் காயப் போடுங்கள். மூங்கில் கழியில் தொங்கவிட்டால் ஈரம் கீழே இறங்கும், சாயமும் கூடவே இறங்கும்.

வெதுவெதுப்பான தண்ணீர் சாயத்தை இன்னும் வேகமாக எடுக்கும். முழுதும் பருத்தி என்றால் அடுத்த முயற்சியில் பயன்படுத்தலாம். ரேயான் கலந்திருந்தால் நான் துணியமாட்டேன். குளோரின் வெளுப்பான் எதிலும் வேண்டாம். அது கறையையும் பூவையும் பிரித்துப் பார்க்காது.

என் ரவிக்கைக்கு ஆறு வாளித் தண்ணீர் ஆனது. முதல் வாளி ரோஸ்மில்க் நிறம். ஆறாவது தெளிவு. கறை முக்கால்வாசி போய்விட்டது. உற்றுப் பார்த்தால் பூவைச் சுற்றி இன்னும் ஒரு நிழல் தெரிகிறது.

தைப்பதற்கு முன் அரை மணி நேரம்

ஆய்வுக்கூடங்களில் சாயம் எவ்வளவு உறுதி என்று சோதிக்க, சாயமேற்றிய துணியுடன் பல வகை வெள்ளைத் துணிகள் சேர்ந்த ஒரு பட்டையைத் தைத்துத் துவைப்பார்கள். பருத்தி, நைலான், பாலியெஸ்டர், கம்பளி எல்லாம் அந்தப் பட்டையில் இருக்கும். எதில் எவ்வளவு நிறம் ஏறியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை.

அதை வீட்டில் எளிமையாகச் செய்யலாம். ஒரு முழம் நூலை வெட்டி, இரண்டு சொட்டுச் சோப்பு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். பிறகு ஈரத்தோடு எடுத்து, நீங்கள் தைக்கப்போகும் அதே துணியின் துண்டுக்குள் மடித்து, மேலே கனமாக எதையாவது வைத்துக் காயவிடுங்கள். காகிதத் துடைப்பானில் செய்யாதீர்கள். உங்கள் துணி எப்படி நடந்துகொள்ளும் என்று அது சொல்லாது. துண்டில் நிறம் ஏறினால், நூல்கட்டு முழுவதையும் அவிழாமல் கட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசி, மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஏறினால் அந்த நூலை வெளிர்நிறத் துணியில் போடவேண்டாம்.

துணியையும் தைக்கும் முன் துவைத்துவிடுங்கள். பிறகு எப்படித் துவைக்கப்போகிறீர்களோ, அதே முறையில். இயந்திரத்தில் 40 டிகிரியில் துவைக்கப்போகும் சட்டையைக் கையால் ஒருமுறை அலசிவிட்டுத் தைத்தால் மிச்சச் சுருக்கம் பின்னால் வரும்.

எந்த நூலை எடுப்பது என்று கேட்டால், என் கணக்கு இது: வாரம் ஒருமுறை இயந்திரத்துக்குப் போகும் உடைக்குப் பாலியெஸ்டர். கைத்தையல் பூவுக்கு, சோதித்துப் பார்த்த பருத்தி. ரேயானின் பளபளப்பை வேறு எதுவும் தராது என்பது உண்மை. ஆனால் அது சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கும், எப்போதாவது கையால் அலசும் துப்பட்டாவுக்கும் சரி.

அம்மா பெரிய இலைகளைப் பிரித்துவிட்டுப் பச்சைப் பருத்தி நூலில் மறுபடி போட்டார், இம்முறை குட்டைத் தையலில். அந்த நூலை முதல் நாள் இரவே என் பழைய வெள்ளைக் கைக்குட்டையில் மடித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். காலையில் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பக்கத்தில் வாளியில் ஊறிய மிச்ச நூலில் உப்புப் போட்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை.